மேனேஜருக்கு ஒரு சின்ன வாழ்த்து

காலை எட்டேகாலுக்குக் கைப்பேசியில் செய்தி வந்தது. எதிர்வீட்டுப் பெண். ஒரு தனியார் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. "அக்கா, எங்க மேனேஜருக்கு இன்னைக்குப் பர்த்டே. சின்னதா ஒரு விஷ் தமிழ்ல எழுதித் தாங்களேன்." அவ்வளவுதான் செய்தி. பெயர் என்ன, ஆணா பெண்ணா, என்ன வயது இருக்கும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. அவள் பஸ்ஸில் இருக்கிறாள், சிக்னல் இல்லை. ஒன்பதரைக்கு வேலைக்குள் நுழைந்துவிடுவாள். நடுவில் எங்காவது சிக்னல் கிடைக்கும் அரை நிமிடத்தில் என் மூன்று கேள்விகள் போய்ச் சேர்வதைவிட, வாழ்த்தே போய்ச் சேர்ந்தால்தான் அவளுக்கு உதவி.

அச்சகத்தில் பல வருடம் மெய்ப்புத் திருத்தியவள் நான். அதனால் பத்திரிகை வாசகம், காதணி விழா அழைப்பு, நினைவுநாள் விளம்பரம் என்று எதற்கும் தெருவில் என்னைத்தான் கேட்பார்கள். இவற்றில் அதிக நேரம் பிடிப்பது மேலதிகாரிக்கு எழுதும் இரண்டு வரிதான். கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர், ஊர், முகூர்த்த நேரம் எல்லாம் கையில் இருக்கும். மேனேஜருக்கான வாழ்த்துக்குப் பெரும்பாலும் இரண்டு தகவல்தான் கிடைக்கும்: அவர் மேனேஜர், வாழ்த்து சின்னதாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்பது என் அனுபவம். மேனேஜர் என்ற சொல் வாழ்த்தின் திசையைச் சொல்லிவிடுகிறது. கீழிருந்து மேலே போகிற வாழ்த்து அது. 'நீங்கள்' என்ற மரியாதைப் பன்மை கட்டாயம். கிண்டல், செல்லப்பெயர், பழைய கதை எதற்கும் இடமில்லை. 'சின்னதா' என்ற சொல் அதைவிட அதிகம் சொல்கிறது. நெருங்கிப் பழகியவருக்கு யாரும் சின்னதாகக் கேட்க மாட்டார்கள், தாமே நீளமாக எழுதிவிடுவார்கள். சின்னதாக வேண்டும் என்கிறவருக்கு அந்த மேனேஜரோடு சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. வாழ்த்தாமல் விட்டால் நன்றாக இருக்காது, அதிகம் வாழ்த்தினால் காக்கா பிடிப்பதாகச் சக ஊழியர்கள் நினைப்பார்கள். அநேகமாக வாட்ஸ்ஆப் குழுவிலோ, எல்லோரும் கையெழுத்துப் போடும் வாழ்த்து அட்டையிலோ அது போகப்போகிறது. இவ்வளவையும் அந்த ஒரு சொல்லுக்குள் அவள் வைத்து அனுப்பியிருந்தாள்.

தெரியாதவைதான் சிக்கல். ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா, எந்த மதம், குடும்பம் உண்டா, எத்தனை காலமாக அந்த நாற்காலியில் இருக்கிறார் எதுவும் தெரியாது. தமிழில் எழுத உட்கார்ந்தால் இவை ஒவ்வொன்றும் ஒரு சொல்லாக வந்து குறுக்கே நிற்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதிவிடாமல் அந்தச் சொற்களைக் கடந்துபோவதுதான் இந்த இரண்டு வரியில் இருக்கும் வேலை.

அன்று காலை முதலில் என் கை தானாக எழுதியது இது: "எங்கள் அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மேலாளர் அவர்களுக்கு இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துக்கள் சார். இறைவன் அருளால் நோய்நொடி இன்றி, நீண்ட ஆயுளோடு, குடும்பத்தினருடன் சீரும் சிறப்புமாகப் பல்லாண்டு வாழ்ந்து, எங்களை வழிநடத்த வேண்டும் என வாழ்த்த வயதின்றி வணங்குகிறேன்." திருப்பிப் படித்தால் சுவரொட்டி வாசகம் போல இருந்தது. ஒன்பதரைக்குள் இதை வெட்ட வேண்டும். எதை ஏன் வெட்டினேன் என்பதைச் சொல்கிறேன்.

கடைசியில் இருக்கும் 'வாழ்த்த வயதின்றி வணங்குகிறேன்' முதலில் போனது. வாழ்த்து மேலிருந்து கீழே வரும், வணக்கம் கீழிருந்து மேலே போகும் என்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். ஆசீர்வாதம் வாங்கப் பெரியவர் காலில் விழுகிறோம். சிறியவர் பெரியவரை வாழ்த்தினால் ஏதோ முறை தவறியதுபோல ஒரு கூச்சம் வரும். அந்தக் கூச்சத்துக்குப் பரிகாரமாகப் பிறந்ததுதான் இந்தத் தொடர். ஐம்பத்தெட்டு வயது ஹெட்மாஸ்டருக்கு இருபத்தைந்து வயது ஆசிரியை எழுதினால் பொருந்தும். ஆனால் இன்றைய அலுவலகங்களில் முப்பது வயது மேனேஜருக்குக் கீழே நாற்பத்தைந்து வயதுக்காரர் வேலை செய்வது சாதாரணம். அவர் 'வயதில்லை' என்று எழுதினால் அது பொய். படிக்கிற மேனேஜருக்கும் தர்மசங்கடம். இந்தப் பெண் இளையவள்தான், அதனால் இவள் எழுதினால் பொய்யாகாது. ஆனால் மேனேஜருக்கு இருபத்தெட்டு வயது என்றால்? நாலு வயது மூத்தவரை வணங்குவதாக எழுதினால், அவர் அதைப் படித்துவிட்டு அவளோடு இயல்பாகப் பேச இரண்டு நாள் ஆகும்.

அப்படியானால் இளையவர் எப்படித்தான் வாழ்த்துவது? தமிழே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 'வாழ்த்துகிறேன்' என்று வினையாக எழுதினால் அதற்குள் 'நான்' இருக்கிறேன். நான் யார் உங்களை வாழ்த்த என்ற கேள்வியும் கூடவே வருகிறது. 'வாழ்த்துகள்' என்று பெயராக எழுதினால் அந்த 'நான்' மறைந்துவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளை தாத்தாவுக்கும் தாத்தா பிள்ளைக்கும் அதே சொல்லைச் சொல்லலாம். இன்று எல்லோரும் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்றே சொல்வதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

'பல்லாண்டு வாழ்க' என்பதையும் யோசித்தேன். 'வாழ்க' வியங்கோள் வினைமுற்று. இருதிணைக்கும் ஐம்பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது என்று பள்ளியில் படித்திருப்போம். அவர், அவள், நீங்கள் எதுவும் தெரிய வேண்டாம், எல்லோருக்கும் ஒரே வடிவம். இலக்கணப்படி பார்த்தால் நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் அந்தச் சொல்லைக் கட்சிக் கொடிகளும் மேடை முழக்கங்களும் எடுத்துக்கொண்டு பல காலம் ஆகிறது. அலுவலகக் குழுவில் 'வாழ்க' என்று தனியாக நின்றால் பின்னாலேயே ஊர்வலம் வருவதுபோல ஒலிக்கிறது. அதனால் விட்டுவிட்டேன்.

அதற்குப் பதில் '-அட்டும்' என்ற ஈற்றை எடுத்துக்கொண்டேன். 'நீங்கள் நலமாக இருங்கள்' என்றால் நான் உங்களுக்கு ஏதோ சொல்கிறேன். 'வரும் ஆண்டு நலமாக அமையட்டும்' என்றால் நான் ஆண்டைப் பார்த்துச் சொல்கிறேன். மேனேஜர் அதைக் கேட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். சிறியவர் பெரியவரை நேராக ஆசீர்வதிக்கும் கூச்சம் இங்கே எழவே எழாது. 'அமைய வேண்டுகிறேன்' என்றும் எழுதலாம், பணிவான வடிவம்தான். ஆனால் யாரிடம் வேண்டுகிறேன் என்ற இடத்தில் கடவுள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை. 'இறைவன் அருளால்' என்பது எந்த மதத்துக்கும் பொதுவானதுதானே என்பார்கள். ஓரளவு உண்மை. கிறித்தவர் 'கர்த்தர்' என்பார், 'ஆண்டவர்' என்பார். இஸ்லாமியர் 'இறைவன்' என்றே சொல்வதுண்டு. நம்பிக்கையே இல்லாதவரும் அந்த நாற்காலியில் இருக்கலாம், தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. பிறந்தநாள் கொண்டாடுவதையே தவிர்க்கும் பிரிவினரும் உண்டு. தொல்காப்பியம் 'புறநிலை வாழ்த்து' என்று ஒன்றைச் சொல்கிறது. நீ வழிபடும் தெய்வம் உன்னைக் காக்கட்டும், நீ வழிவழியாகச் சிறந்து விளங்கு என்கிற வகை. வாழ்த்துகிறவனுடைய தெய்வத்தைச் சொல்லாமல் வாழ்த்தப்படுகிறவனுடைய தெய்வத்தை அழைக்கிற அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அப்படி வாழ்த்த அவர் எதை வழிபடுகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. இறைவனை எடுத்துவிட்டேன்.

'நோய்நொடி இன்றி', 'நீண்ட ஆயுளோடு' இரண்டும் பாட்டியின் வாயிலிருந்து வந்தால் அமிர்தம். அலுவலகத்தில் அப்படி இல்லை. ஆயுளைப் பற்றிப் பேசினாலே எதிரில் இருப்பவருக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம் வந்துவிடும். நோயைச் சொன்னால், போன மாதம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவராக இருந்தால் இவளுக்கு அது தெரிந்து எழுதியதாகத் தோன்றும். 'நலம்' என்ற ஒரு சொல் அந்த இரண்டின் வேலையையும் செய்கிறது, எதையும் கிளறுவதில்லை.

'குடும்பத்தினருடன்' என்பதை வெட்டத்தான் அதிகம் தயங்கினேன். நம் ஊரில் ஒருவரை வாழ்த்துவது என்றால் வீட்டோடு சேர்த்து வாழ்த்துவதுதான் வழக்கம். தனியாக வாழ்த்தினால் ஏதோ குறைவதுபோல இருக்கும். ஆனால் மணமாகாதவர், பிரிந்து வாழ்பவர், துணையை இழந்தவர் எவரும் மேனேஜராக இருக்கலாம். துணையை இழந்தபின் வரும் முதல் பிறந்தநாள் அதுவாகவும் இருக்கலாம். கூட வேலை செய்கிறவருக்கு வீட்டுக் கதை தெரிந்தால் தாராளமாக எழுதட்டும். இரண்டே தகவலோடு எழுதும் நான் எழுதக் கூடாது.

'எங்களை வழிநடத்த வேண்டும்' என்பதில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து வந்து, எங்கள் மேலாளருக்குப் பிறந்தநாள், சட்டமிட்டுக் கொடுக்க ஒரு வாசகம் வேண்டும் என்றார்கள். 'இன்னும் பல்லாண்டு எங்கள் துறையை வழிநடத்த வேண்டும்' என்று முடித்து, தங்க நிற எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். அவருக்கு அன்று ஓய்வு வயது நிறைகிறது. அந்த மாதக் கடைசி நாளோடு அவர் வீட்டுக்குப் போகிறார். கேட்டவர்கள் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சட்டத்தை வாங்கிக்கொண்ட அந்த மனிதர் ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லையாம்.

அரசுப் பணியில் பிறந்தநாளுக்கும் ஓய்வுக்கும் நேர்த் தொடர்பு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. மத்திய அரசிலும் பெரும்பாலான பணிகளுக்கு 60. அந்த வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. மத்திய அரசு விதிப்படி, முதல் தேதியில் பிறந்தவர் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெற்றுவிடுவார். எனவே 60-ஆவது பிறந்தநாளுக்கு வாழ்த்து எழுதுகிறவர், அலுவலகத்தைப் பற்றி ஒரு சொல் எழுதினாலும் அது ஓய்வைத் தொட்டுவிடும். 'மேலும் பல பதவிகள்', 'இன்னும் பல உயரங்கள்' என்பவற்றுக்கும் இதே கதிதான். ஓய்வு பெறப்போகிறவரை அது சுடும். மற்றவரிடம் சொன்னாலும், சீக்கிரம் பதவி உயர்வு பெற்று இங்கிருந்து போங்கள் என்றும் ஒரு பொருள் தரும். வாழ்த்தில் அலுவலகமே வேண்டாம் என்று அன்று முடிவெடுத்தேன். இன்றும் மாற்றவில்லை.

அடுத்தது 'அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய'. புகழ்ச்சி என்றால் ஒரு நிகழ்ச்சியைத் தொட்டுச் சொல்ல வேண்டும். 'போன மார்ச்சில் எனக்கு லீவு கிடைக்க நீங்கள் பேசியதை மறக்கவில்லை' என்றால் அது புகழ்ச்சி. அப்படி ஒன்று கையில் இருந்தால் அந்த ஒரு வரியே வாழ்த்தாகிவிடும், என்னிடம் வரவேண்டிய அவசியமும் இல்லை. எனக்கோ அவரைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாமல் எழுதும் 'சிறந்த தலைவர்', 'எங்கள் தூண்', 'வழிகாட்டி' எல்லாம் எந்த மேனேஜருக்கும் பொருந்தும், அதனாலேயே இந்த மேனேஜருக்குப் போய்ச் சேராது. குழுவில் இருபது பேர் பார்க்க, நாலு மாதம் முன்பு சேர்ந்த பெண் அப்படி எழுதினால் அவளுக்குத்தான் கஷ்டம்.

இனி விளிப்பு. சாரா, மேடமா? முதல் வரைவில் 'சார்' என்று எழுதியிருந்தேன். எழுதியபோது யோசிக்கவே இல்லை, மேனேஜர் என்றதும் ஓர் ஆண் என் மனத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். 'சார்/மேடம்' என்று கோடு போட்டு எழுதினால் அரசு விண்ணப்பப் படிவம் போல இருக்கும். அவசரத்தில் அவள் ஒன்றை அடிக்காமல் அப்படியே அனுப்பிவிடும் ஆபத்தும் உண்டு. '(பெயர்)' என்று இடம் விட்டு எழுதுவது அதைவிட மோசம். அடைப்புக்குறியோடு அச்சாகி ஊரெல்லாம் போன அழைப்பிதழ்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேச்சில் 'சார்' இல்லாமல் வாழ்த்தினால் மொட்டையாக இருக்கும் என்பது உண்மை. எழுத்தில் அப்படி இல்லை. 'உங்களுக்கு' என்ற சொல்லுக்குள்ளேயே மரியாதை இருக்கிறது, ஆண் பெண் வேறுபாடும் அதில் இல்லை. வாழ்த்தில் எங்காவது ஓரிடத்தில் 'உங்களுக்கு' வந்துவிட்டால் விளிப்பு இல்லாமலே வாக்கியம் பணிவாக நிற்கும். 'தங்களுக்கு' இன்னும் ஒரு படி மேல், ஆனால் கைப்பேசியில் கடிதவாடை அடிக்கும். 'உங்களுக்கு' போதும். 'மேலாளர் அவர்களுக்கு' என்று பதவியைச் சொல்லி அழைப்பதும் வேண்டாம். யாரும் தம் மேனேஜரை நேரில் 'மேலாளர் அவர்களே' என்று அழைப்பதில்லை.

இரண்டு எழுத்துப் பிரச்சினைகளும் உண்டு. ஒன்று, வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? அச்சில் இரண்டும் வருகின்றன. 'கள்' என்பது பன்மை விகுதி, அது சேரும்போது இங்கே ஒற்று மிக வேண்டியதில்லை என்று நான் தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் சொல்லித் தந்தார்கள். 'வாழ்த்துகள்' என்றே எழுதுகிறேன். மற்றவர் எழுதியதை மேனேஜர் குழுவில் போய்த் திருத்துவது கூடாது. இன்னொன்று, 'பிறந்த நாள்' என்று பிரித்தால் ஒருவர் பிறந்த தேதி. 'பிறந்தநாள்' என்று சேர்த்தால் ஆண்டுதோறும் வரும் விழா. வாழ்த்துக்குச் சேர்த்து எழுதுவதே சரி.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் யாருக்கு என்று பிறந்தநாள் என்ற பட்டியல் சான்றிதழிலிருந்து வருகிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதற்குப் பிறகும் பல வருடம், கிராமங்களில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் ஹெட்மாஸ்டர் போட்டுக்கொண்ட தேதியே பிறந்த தேதியாகிவிட்டது. ஜூனில் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக மே மாதத்திலோ ஜூன் முதல் தேதியிலோ பிறந்ததாகப் பதிவானவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். வீட்டில் அவர்களுக்கு ஆவணி அவிட்டம், ஐப்பசிச் சதயம் என்று நட்சத்திரம் பார்த்துத்தான் பிறந்தநாள். அப்படிப்பட்ட மேனேஜருக்கு இன்று சான்றிதழ் பிறந்தநாள் மட்டும்தான். 'நீங்கள் இவ்வுலகுக்கு வந்த இந்தப் பொன்னாளில்' என்று எழுதினால் அவருக்குச் சங்கடம். 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' என்ற மூன்று சொல்லில் அந்தச் சிக்கல் இல்லை. இதனாலும் சின்ன வாழ்த்துதான் நல்லது.

சின்னது என்றால் எவ்வளவு? எனக்கு ஓர் அளவு இருக்கிறது. தமிழ் எழுத்தில் அனுப்பும் சாதாரண எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 குறிகள்தான் எல்லை. ஆங்கில எழுத்துக்கு அது 160. தமிழில் 'வா' நமக்கு ஓர் எழுத்து, கைப்பேசிக்கு வ-வும் துணைக்காலும் சேர்ந்து இரண்டு குறி. புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி. 'வாழ்த்துகள்' என்ற ஆறு எழுத்தை அது 11 என்று எண்ணுகிறது. 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' இடைவெளியோடு சேர்த்து 27. எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு கொடுத்த காலத்தில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். வாட்ஸ்ஆப்பில் அந்த எல்லை இல்லை. ஆனாலும் 70-ஐ நான் விடவில்லை. பூட்டிய திரையில் தட்டாமலே முழுதாகப் படிக்க முடிகிற நீளம் அது, அட்டையில் பத்துப் பேர் கையெழுத்துக்கு நடுவே அடங்குகிற நீளமும் அதுதான். அதற்கும் முன்னால் தந்தி இருந்தது. 2013 ஜூலையில் நின்றுபோகும்வரை தந்தி அலுவலகத்தில் வாழ்த்துத் தொடர்களுக்கு எண் கொடுத்து வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. நாம் எண்ணைச் சொன்னால் போதும், அந்த ஊரில் வாசகம் போய் இறங்கும். யார் யாருக்கு அனுப்பினாலும் பொய்யாகிவிடாத வாசகங்களாகப் பார்த்து அவற்றை எழுதியிருந்தார்கள். நான் அன்று காலை செய்துகொண்டிருந்ததும் அதே வேலைதான்.

வெட்டியதெல்லாம் போக மிஞ்சியது இது:

"இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். வரும் ஆண்டு உங்களுக்கு நலமாக அமையட்டும்."

எட்டுச் சொல். எண்ணிப் பார்த்தேன், 69 குறி. 'வரும் ஆண்டு' என்ற இடத்தில் முதலில் 'இந்த ஆண்டு' என்றிருந்தது. டிசம்பரில் பிறந்தவருக்கு இந்த ஆண்டு என்றால் மிச்சம் சில நாள்தானே என்று தோன்றி மாற்றினேன். பிறந்தநாளன்று 'வரும் ஆண்டு' என்றால் இன்றிலிருந்து தொடங்கும் வயதின் ஆண்டு என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். 'இனிய' இருக்கும்போது 'நல்வாழ்த்துகள்' என்று இன்னொரு 'நல்' வேண்டாம். ஆச்சரியக்குறி போடவில்லை. வேண்டுமென்றால் ஒரு பூங்கொத்துப் படம் அவள் சேர்த்துக்கொள்ளட்டும், கேக்கும் பட்டாசும் நெருங்கியவர்களுக்கு.

ஐந்தாறு வாசகம் எழுதி, பிடித்ததை எடுத்துக்கொள் என்று அனுப்பியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் சின்னதாக ஒன்று கேட்டவளிடம் ஆறைக் கொடுத்தால், தேர்ந்தெடுக்கும் வேலை அவள் தலையில் விழும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவளுக்கு அது உதவி அல்ல. ஒன்றுதான் அனுப்பினேன். கூடவே தனிச் செய்தியாக இதையும்: "முதல் வரி முடியுற இடத்துல நீ வழக்கமா எப்படிக் கூப்பிடுவியோ அதைச் சேர்த்துக்கோ. சேர்க்காட்டியும் பரவாயில்லை." தனிச் செய்தியாக அனுப்பியதற்குக் காரணம் உண்டு. வாழ்த்தையும் குறிப்பையும் ஒன்றாக அனுப்பினால் இரண்டும் சேர்ந்தே மேனேஜருக்குப் போய்விடும், அப்படியும் நடந்திருக்கிறது.

இந்த வாசகம் எங்கே உதவாது என்பதும் எனக்குத் தெரியும். தமிழ் படிக்கத் தெரியாத மேனேஜர் என்றால் அவருக்குத் தெரிந்த மொழியில்தான் அனுப்ப வேண்டும். திருப்பூரிலும் சென்னையிலும் ஓசூரிலும் அப்படி ஏராளமானோர் இருக்கிறார்கள். பத்து வருடமாக ஒரே அறையில் வேலை செய்தவர் இதை அனுப்பினால், ஏதோ மனவருத்தம் போலிருக்கிறது என்று மேனேஜர் நினைத்துக்கொள்வார். அந்த வருடம் அவர் வீட்டில் சாவு நடந்திருந்தால் 'இனிய' என்ற சொல்லையும் எடுத்துவிட்டு இரண்டாவது வரியை மட்டும் அனுப்பலாம். அந்த வரி தனியாகவும் நிற்கும்.

ஒன்பது மணிக்கு இரண்டு டிக்கும் விழுந்து நீலமாயின. பதில் இல்லை, வேலைக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் கோலப்பொடி வாங்கப் போகிற வழியில் வாசலில் நின்று கூப்பிட்டாள். "அக்கா, நீங்க எழுதுனதையே போட்டுட்டேன். 'மேம்'னு மட்டும் சேர்த்தேன்." நான் காலையிலிருந்து மனத்தில் வைத்திருந்த அந்த வழுக்கைத் தலை ஆளை அப்போதுதான் இறக்கி வைத்தேன். மேனேஜருக்கு முப்பத்திரண்டு வயதாம், வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம். குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். ஒருவர் 'வாழ்த்த வயதில்லை' என்று போட்டிருக்கிறார், அவருக்கு ஐம்பது.

"மேம் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் சேர்த்து தேங்க்ஸ் போட்டாங்க. அப்புறம் டீ குடிக்கிற இடத்துல என்னைப் பார்த்து, 'நீ தமிழ்லயா டைப் பண்ணுவ'ன்னு கேட்டாங்க. பத்து நிமிஷம் பேசிட்டிருந்தோம் அக்கா. அவங்க ஊரு எங்க பாட்டி ஊருக்குப் பக்கத்து ஊராம்."